குறைதீர் கூட்டப் பதிவில் கையெழுத்திடலாமா? (மாடி சூரிய மின் அமைப்பு, நிழல், உற்பத்திக் குறைவு)

உறையூர்ப்பெண் எழுதியது:

திருச்சியில் எங்கள் பெற்றோர் வீட்டு மாடியில் 2024 செப்டம்பரில் 540 வாட் பேனல்கள் ஆறு பொருத்தப்பட்டன. ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 12 யூனிட் கிடைக்கும் என்று நிறுவனம் தன் விலைப்புள்ளியிலேயே எழுதிக் கொடுத்திருந்தது. ஆனால் இந்த மார்ச் மாதத்தில் மேகமே இல்லாத நாட்களில்கூட ஒன்பது, ஒன்பதரை யூனிட்டுக்கு மேல் வரவில்லை. பிற்பகலில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மேற்கு ஓரத்தில் உள்ள இரண்டு பேனல்களின் மீது விழுகிறது. தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் பலமுறை முறையிட்ட பிறகு, நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் ஒன்று நடந்தது. அப்பாவும் நானும் சென்றிருந்தோம். கூட்டம் சுமுகமாகவே முடிந்தது. மறுநாள் அவர்கள் கையெழுத்துக்காக அனுப்பிய பதிவைக் கீழே அப்படியே தருகிறேன்.

"வாடிக்கையாளர் தமது சூரிய மின் அமைப்பின் உற்பத்தி எதிர்பார்த்த அளவு இல்லை எனக் கருதுகிறார். விவாதத்தில், அண்டை வீட்டாரின் பிற்காலக் கட்டுமானத்தால் ஏற்பட்ட நிழலும், மின் இணைப்பில் உள்ள மின்னழுத்த ஏற்ற இறக்கமுமே இதற்குக் காரணம் எனத் தெரியவந்தது. நிறுவனம் நல்லெண்ண அடிப்படையில் தேவையான நடவடிக்கையை விரைவில் மேற்கொள்ளும். இத்துடன் வாடிக்கையாளரின் குறைகள் யாவும் முழுமையாகவும் இறுதியாகவும் தீர்க்கப்பட்டன."

படிக்கும்போது பொய் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனாலும் கையெழுத்திட மனம் ஒப்பவில்லை. இதில் எதை மாற்றச் சொல்ல வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

கோவைக்காரன் எழுதியது:

மானியம் வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள் சகோதரி. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்கில் வர வேண்டும். பலருக்கு வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் மின் இணைப்பில் உள்ள பெயரும் பொருந்தாமல் நின்றுபோகிறது. நிறுவனத்தோடு கூட்டம் போட்டு அதற்குத் தீர்வு கிடைக்காது. இணையதளத்தில்தான் சரிசெய்ய வேண்டும்.

உறையூர்ப்பெண் எழுதியது:

மானியம் வந்துவிட்டது, நன்றி. என் கேள்வி உற்பத்திக் குறைவு பற்றி நடந்த கூட்டத்தின் பதிவைப் பற்றியது மட்டுமே.

சட்டமணி எழுதியது:

கையெழுத்திடாதீர்கள். கையெழுத்திட்டுவிட்டால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு உங்களுக்கு மூடப்பட்டுவிடும். அது ஒருபுறமிருக்க, இத்தகைய உடன்பாட்டை முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முன்பு கையெழுத்திட்டால்தான் மதிப்பு உண்டு. வெள்ளைத்தாளில் உள்ள கூட்டக் குறிப்பை எவரும் ஏற்க மாட்டார்கள். நிறுவனத்தின் தரப்பில் கையெழுத்திடுபவர் யார் என்பதையும் கேளுங்கள். கிளையில் உள்ள தொழில்நுட்ப ஊழியர் கையெழுத்திட்டுவிட்டுப் பின்னர் "அவருக்கு அந்த அதிகாரம் இல்லை" என்று தலைமையகம் கைவிரிப்பது வழக்கமான கதை.

குறைதீர்ப்பிரிவு ஓய்வர் எழுதியது:

வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் குறைதீர் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இத்தகைய பதிவுகளை நிறுவனத்தின் பக்கம் அமர்ந்து எழுதியதுதான் என் வேலை. ஆகவே அந்த நான்கு வாக்கியங்களைப் பார்த்ததும் எழுதியவரின் கைப்பழக்கம் எனக்குத் தெரிந்துவிட்டது; வேலை தெரிந்தவர்தான் எழுதியிருக்கிறார்.

முதல் வாக்கியத்தில் உங்கள் குறை "கருதுகிறார்" என்று எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் கொண்டுபோன அளவு, தேதி, விலைப்புள்ளியில் உள்ள வாக்குறுதி எதுவும் அதில் இல்லை. ஆறு மாதம் கழித்து இதைப் படிப்பவருக்கு, காரணமில்லாமல் மனக்குறைப்பட்ட ஒருவர் என்ற தோற்றமே கிடைக்கும். இரண்டாவது வாக்கியத்தில் நிறுவனத்தின் நிலைப்பாடு "தெரியவந்தது" என்று எழுதப்பட்டிருக்கிறது. அதாவது, அவர்கள் சொன்னது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட உண்மையாக மாறிவிட்டது. உங்கள் பேச்சு கருத்து, அவர்கள் பேச்சு கண்டுபிடிப்பு. இந்த ஒரு வேறுபாட்டைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்: குறையை அளவோடும் தேதியோடும் எழுதச் சொல்லுங்கள், காரணம் பற்றிய பகுதியை "நிறுவனத்தின் நிலைப்பாடு யாதெனில்" என்று தொடங்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது வாக்கியத்தில் "தேவையான நடவடிக்கை", "விரைவில்" என்ற இரண்டு சொற்களும் எதையும் கட்டுப்படுத்தாதவை. "நல்லெண்ண அடிப்படையில்" என்பது, இது எங்கள் கடமை அல்ல, சலுகை என்று பொருள் தரும். நான்காவது வாக்கியம்தான் உண்மையில் ஆபத்தானது. இன்னும் ஒரு திருகாணிகூடக் கழற்றப்படாத நிலையில் "தீர்க்கப்பட்டன" என்று இறந்தகாலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. வேலை முடிந்து, சரிபார்த்த பிறகு தனியாகத் தர வேண்டிய ரசீது அது; கூட்டப் பதிவில் அதற்கு இடமில்லை.

சட்டமணி ஐயா சொன்னதில் அதிகாரம் பற்றிய பகுதி முற்றிலும் சரி. கையெழுத்திடுபவரின் பதவியையும், நிறுவனத்தின் சார்பில் உடன்பட அவருக்கு அதிகாரம் உண்டு என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஆனால் கதவு மூடப்படும் என்பதை அந்த அளவுக்குப் பொதுவாகச் சொல்ல முடியாது. ஒப்புக்கொண்ட தீர்வை நிறுவனம் நிறைவேற்றாவிட்டால் அந்தப் பதிவே உங்களுக்குச் சான்றாகும். கதவை இறுக்குவது கையெழுத்து அன்று, அந்த நான்காவது வாக்கியம். முத்திரைத்தாளுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. திருத்திய பதிவை மின்னஞ்சலில் அனுப்பி, அவர்களுடைய அலுவலக முகவரியிலிருந்தே ஒப்புதல் பதிலைப் பெறுங்கள். கையெழுத்திட்ட படி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

சட்டமணி எழுதியது:

இதை நான் முழுமையாக ஏற்கவில்லை. ஆணையம் ஒரு வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பி, அங்கே ஏற்படும் உடன்பாட்டுக்கும் கிளை அலுவலகத்தில் தேநீர் குடித்துக்கொண்டே எழுதும் குறிப்புக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. முன்னதன்மீது ஆணையம் உத்தரவே பிறப்பிக்கும்.

குறைதீர்ப்பிரிவு ஓய்வர் எழுதியது:

அந்த வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆணையத்தின் வழியாக நடக்கும் சமரசத்துக்கு உத்தரவின் பலம் உண்டு, இதற்கு இல்லை. இது சான்று மட்டுமே. ஆனால் நல்ல சான்று கையில் இருந்தால் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்பதே நான் கண்டது.

ஈரோடு செல்வி எழுதியது:

எனக்கும் இதே போல நடந்தது. எங்கள் துணி துவைக்கும் இயந்திரத்தின் டிரம் சத்தம் போட்டது. கூட்டம் என்று அழைத்து, "பழுது நீக்கித் தரப்படும்" என்று எழுதிக் கொடுத்தார்கள். பேரிங்கை மாற்றினார்கள், இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே சத்தம். கேட்டால், "பழுது நீக்கித் தருவதாகத்தான் எழுதினோம், நீக்கினோம், இது புதிய பழுது" என்கிறார்கள். அக்கா, உங்களுக்கு உழைப்பதாகச் சொல்கிறார்களா, விளைவைத் தருவதாகச் சொல்கிறார்களா என்று பாருங்கள். என் இயந்திரத்துக்கு இனி என்ன செய்யலாம் என்று யாராவது சொன்னால் நல்லது.

குறைதீர்ப்பிரிவு ஓய்வர் எழுதியது:

செல்வி அம்மா, உங்கள் செய்திக்குத் தனி இழை தொடங்குங்கள், எழுதுகிறேன். இப்போதைக்கு, பழைய வேலைச்சீட்டையும் புதிய முறையீட்டு எண்ணையும் பத்திரமாக வையுங்கள். உங்கள் கருத்து இந்த இழைக்கு மிகவும் பொருந்துவது. இங்கேயும் "பேனல்களை இடம் மாற்றித் தருவோம்" என்று மட்டும் எழுதினால், மாற்றிய இடத்திலும் நிழல் விழுந்தாலும் உடன்பாடு நிறைவேறியதாகவே ஆகும். வேலையோடு, அது பலித்ததா என்று பார்க்கும் அளவுகோலும் எழுதப்பட வேண்டும். அந்த அளவுகோல் என்னவாக இருக்கலாம் என்பதை இந்தத் தொழில் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

கூரைமேல் எழுதியது:

சூரிய மின் அமைப்புகளைப் பொருத்துவது என் தொழில். அளவுகோலாக "நாளொன்றுக்கு 12 யூனிட்" என்று எழுதிவிடாதீர்கள். அதில் இரண்டு பக்கமும் ஏமாற இடம் உண்டு. 12 என்பது ஆண்டுச் சராசரி. மழைக்காலமான அக்டோபர், நவம்பரில் நன்றாக வேலை செய்யும் அமைப்பும் அதைத் தொடாது. மேகம் இல்லாத மார்ச் நாளில் உங்கள் 3.24 கிலோவாட் அமைப்பு 13, 14 யூனிட்டுகள்வரை தர வேண்டும். ஆகவே ஒன்பதரை என்பது 12-இல் ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று அவர்கள் சொன்னால் ஏற்காதீர்கள். உண்மையான குறைவு அதைவிட அதிகம்.

அளவை எதில் பார்ப்பது என்பதையும் எழுதுங்கள். மின்வாரியம் பொருத்திய இருவழி மீட்டர், வெளியே போன யூனிட்டையும் உள்ளே வந்த யூனிட்டையும் மட்டுமே காட்டும். வீட்டுக்குள்ளேயே செலவானது அதில் வராது. உற்பத்தியை இன்வெர்ட்டரின் பதிவில்தான் பார்க்க வேண்டும்.

இன்வெர்ட்டர் செயலியில் ஒரு நாளின் உற்பத்தி வரைகோட்டைத் திறந்து பாருங்கள். மேகம் இல்லாத நாளில் அது காலையில் ஏறி, நண்பகலில் உச்சம் தொட்டு, மாலையில் சீராக இறங்க வேண்டும். நிழல் இருந்தால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கோடு படிக்கட்டைப் போலச் சட்டென்று இறங்கி, அந்தத் தாழ்ந்த மட்டத்திலேயே ஓடும். ஆறு பேனல்களும் ஒரே தொடரில் இணைக்கப்பட்டிருப்பதால் இரண்டில் விழும் நிழல் மற்ற நான்கையும் இழுத்துப் பிடிக்கலாம். பேனலில் உள்ள பைபாஸ் டயோடு ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். மின்னழுத்தம்தான் காரணம் என்றால் கோடு வேறு மாதிரி இருக்கும். 253 வோல்ட்டைத் தாண்டினால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். அப்போது கோடு ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு இறங்கி, சில நிமிடங்களில் மறுபடி ஏறும். பிழைப் பதிவேட்டிலும் அது நேரத்தோடு பதிவாகும். உங்களுடையது எப்படி இருக்கிறது?

உறையூர்ப்பெண் எழுதியது:

இப்போதுதான் பார்த்தேன். மார்ச் மாதத்தில் வெயில் நன்றாக அடித்த நாட்கள் எல்லாவற்றிலும் பிற்பகல் ஒன்றே முக்கால் மணியளவில் கோடு சட்டென்று இறங்கி, மாலைவரை தாழ்ந்தே இருக்கிறது. பூஜ்யத்துக்கு ஒருமுறைகூட இறங்கவில்லை. பிழைப் பதிவேட்டில் மின்னழுத்தம் பற்றிய பதிவு எதுவும் இல்லை. அப்படியானால் அவர்கள் சொன்ன இரண்டாவது காரணம்?

கூரைமேல் எழுதியது:

வழக்கமாகச் சொல்வதைச் சொல்லியிருக்கிறார்கள். பதிவேட்டின் படத்தை இணைத்து, அந்தக் காரணத்தை நீக்கச் சொல்லுங்கள், நீக்கிவிடுவார்கள்.

குறைதீர்ப்பிரிவு ஓய்வர் எழுதியது:

நீக்கச் சொல்வதைவிட, "மின்னழுத்தம் காரணம் என்ற நிறுவனத்தின் கூற்று இன்வெர்ட்டர் பதிவேட்டோடு ஒப்பிடப்பட்டது, அத்தகைய பதிவு காணப்படவில்லை" என்று எழுதச் சொல்லுவது மேல். நீக்கிவிட்டால் நாளைக்கு அதே காரணம் மறுபடி முளைக்கும். அடுத்து, நிழல் பிற்காலக் கட்டுமானத்தால் வந்தது என்கிறார்களே, அது உண்மையா?

உறையூர்ப்பெண் எழுதியது:

பாதி உண்மை. தொட்டி இந்த ஆண்டு தொடக்கத்தில்தான் வைக்கப்பட்டது. ஆனால் அதைத் தாங்கும் நான்கு தூண்களும் அமைப்பைப் பொருத்துவதற்கு முன்பே எழும்பியிருந்தன. நிறுவனத்தின் ஊழியர் ஆகஸ்டில் இடத்தைப் பார்வையிட்டு எடுத்த படம் அவர்களுடைய ஆய்வறிக்கையிலேயே இருக்கிறது. அதில் தூண்களும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளும் தெளிவாகத் தெரிகின்றன. கூட்டத்தில் அதைக் காட்டியபோது, வெறும் தூணுக்கு நிழல் இல்லை, மேலே என்ன வரும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்கள். கம்பி நீட்டி விட்டிருந்தால் மேலே ஏதோ வரப்போகிறது என்று கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும் என்று அப்பா சொன்னார். அதற்குமேல் அந்தப் பேச்சு நகரவில்லை.

குறைதீர்ப்பிரிவு ஓய்வர் எழுதியது:

நகர வேண்டியதும் இல்லை. யார் பக்கம் தவறு என்ற முடிவு இல்லாமலே நல்ல தீர்வை எழுத முடியும். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னதாக எழுதுங்கள், அப்பா சொன்னதை வாடிக்கையாளரின் பதிலாக எழுதுங்கள், படத்தை இணைப்பாகச் சேருங்கள், "இது குறித்து இரு தரப்பும் உடன்படவில்லை" என்று ஒரு வரி போதும். நிறுவனங்கள் பெரும்பாலும் பணத்தைவிடத் தவறை ஒப்புக்கொள்ளும் வாக்கியத்துக்குத்தான் அதிகம் அஞ்சும். அந்த வாக்கியத்தை நீங்கள் கேட்காவிட்டால் மற்றவற்றில் எளிதாக இறங்கி வருவார்கள்.

கூரைமேல் எழுதியது:

தீர்வைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். மாடியில் பேனல்களை இடம் மாற்றினால் பழைய இடத்தில் தளத்தைத் துளைத்துப் போட்ட நங்கூரத் துளைகளை அடைக்க வேண்டும், புதிய இடத்தில் மறுபடியும் துளைக்க வேண்டும். அடுத்த மழையில் ஒழுகினால் யார் பொறுப்பு என்பது எழுதப்படாமல் போவதால்தான் பாதிச் சண்டை வருகிறது. துளைக்காமல் கான்கிரீட் பீடத்தின் மீது நிறுத்துவது ஒரு வழி.

மற்றொன்று இதைவிட முக்கியமானது. ஏப்ரல், மே மாதங்களில் திருச்சியில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். நிழல் குறுகியதாக இருக்கும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து, பிற்பகலில் தென்மேற்கிலிருந்து அடிக்கும்; அதே தொட்டியின் நிழல் நீண்டு வடகிழக்கே போய் விழும். இப்போது நிழல் இல்லாத இடம் என்று மே மாதத்தில் பார்த்து மாற்றிவிட்டால் டிசம்பரில் அங்கேயும் விழலாம். ஆகவே வேலை முடிந்தபின் ஒருமுறையும், டிசம்பரில் ஒருமுறையும் சோதிக்க வேண்டும் என்று எழுதுங்கள். டிசம்பரில் மேகம் தொல்லை தரும் என்றாலும் வெயில் உள்ள இரண்டு மூன்று நாட்கள் கிடைத்தால் போதும்.

கோவைக்காரன் எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? ஏழாவது பேனல் ஒன்றைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். குறைந்த யூனிட் ஈடாகிவிடும்.

கூரைமேல் எழுதியது:

நிழல் அங்கேயே இருக்கும்போது தொடரில் இன்னொன்றைச் சேர்ப்பதால் பிற்பகல் இழப்பு நீங்காது. மேலும், அனுமதி பெற்ற திறனும் மாறும்; அதற்குத் தனியாக அலைய வேண்டும்.

உறையூர்ப்பெண் எழுதியது:

அனைவரும் சொன்னதை வைத்துத் திருத்திய வடிவத்தை அனுப்பினேன். நிறுவனம் இரண்டு இடங்களில் மாற்றம் கேட்டு, மற்றவற்றை ஏற்றுக்கொண்டது. இறுதி வடிவத்தின் முக்கியப் பகுதி இது:

"வாடிக்கையாளரின் குறை: விலைப்புள்ளியில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 12 யூனிட் எனக் குறிப்பிடப்பட்ட அமைப்பு, 2025 மார்ச்சில் மேகமற்ற நாட்களில் 9 முதல் 9.5 யூனிட் வரை மட்டுமே தந்தது. பிற்பகல் சுமார் 1.45 மணி முதல் மேற்கு ஓரத்து இரு பேனல்கள்மீது நிழல் விழுவது இன்வெர்ட்டர் வரைகோடுகளில் தெரிகிறது (இணைப்பு 1).

நிறுவனத்தின் நிலைப்பாடு: நிழலுக்குக் காரணமான தண்ணீர்த் தொட்டி, அமைப்பு பொருத்தப்பட்ட பிறகு வைக்கப்பட்டது, ஆகவே நிறுவனம் அதற்குப் பொறுப்பாகாது. மின்னழுத்தம் காரணம் என்ற கூற்று இன்வெர்ட்டர் பதிவேட்டோடு ஒப்பிடப்பட்டது. அத்தகைய பதிவு காணப்படவில்லை. வாடிக்கையாளரின் பதில்: தொட்டியைத் தாங்கும் தூண்கள் நிறுவனத்தின் ஆய்வறிக்கைப் படத்திலேயே உள்ளன (இணைப்பு 2). பொறுப்பு யாருடையது என்பதில் இரு தரப்பும் உடன்படவில்லை.

ஒப்புக்கொண்ட தீர்வு: நிறுவனம் தன் செலவில் இரு பேனல்களையும் மாடியின் கிழக்குப் பகுதிக்கு, அதே திசையிலும் சாய்விலும், 2025 மே 31-க்குள் மாற்றித் தரும். பழைய துளைகளை அடைப்பதும், இரு இடங்களிலும் ஓராண்டுக்குள் ஒழுகல் ஏற்பட்டால் சரிசெய்வதும் நிறுவனத்தின் பொறுப்பு. மாற்றிய பின் மேகமற்ற மூன்று நாட்களின் வரைகோடுகளும், 2025 டிசம்பரில் மேகமற்ற மூன்று நாட்களின் வரைகோடுகளும் இரு தரப்பாலும் பார்க்கப்படும். பிற்பகல் 1 முதல் 4 மணிவரை நிழலால் ஏற்படும் சட்டென்ற இறக்கம் இருந்தால், அல்லது குறித்த நாளுக்குள் வேலை முடியாவிட்டால், இரு பேனல்களுக்கும் விலைப்பட்டியலில் உள்ள தொகையை 30 நாட்களில் நிறுவனம் திருப்பித் தரும். கடந்தகால உற்பத்தி இழப்புக்கான கோரிக்கை இக்கூட்டத்தில் முடிவு செய்யப்படவில்லை. வாடிக்கையாளர் அதைக் கைவிடவும் இல்லை."

அவர்கள் கேட்ட மாற்றங்களில் ஒன்று, ஒழுகல் பொறுப்பை ஓராண்டாகக் குறைத்தது. நாங்கள் ஐந்தாண்டு கேட்டிருந்தோம். மற்றொன்று, அண்டை வீட்டார் மேலும் ஏதாவது கட்டினால் அது இந்த உடன்பாட்டில் அடங்காது என்ற வரி. அதை ஏற்றுக்கொண்டோம். கிளை மேலாளரின் பெயர், பதவி, அதிகாரம் பற்றிய வரியும் முத்திரையும் உள்ளன.

குறைதீர்ப்பிரிவு ஓய்வர் எழுதியது:

கையெழுத்திடலாம். ஒழுகலுக்கு ஓராண்டு என்பது எனக்கு உவப்பாக இல்லை. குறைந்தது இரண்டு வடகிழக்குப் பருவமழைகளாவது அதற்குள் வர வேண்டும். ஆனால் அதற்காக இதை நிறுத்தி வைக்க வேண்டாம்.

காலவரம்பை மட்டும் மறக்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் முறையிட, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். டிசம்பர்வரை காத்திருக்கும்போது அந்தக் கடிகாரம் நிற்காது. மிக முந்தைய நாளாகிய 2024 செப்டம்பரிலிருந்து கணக்கிட்டுக்கொள்வது பாதுகாப்பு. தேவைப்பட்டால் உங்கள் மாவட்டத்திலேயே முறையிடலாம்.

சட்டமணி எழுதியது:

நிறுவனம் எழுத்தில் தீர்வை ஏற்றுக்கொண்டுவிட்டதால் அந்த நாளிலிருந்துதான் புதிதாக இரண்டு ஆண்டுகள் தொடங்கும் என்பது என் கருத்து. உடன்பாட்டை மீறினால் மீறிய நாளே புதிய காரணம்.

குறைதீர்ப்பிரிவு ஓய்வர் எழுதியது:

மீறினால் அப்படி வாதிடலாம். ஆனால் அவர்கள் பொறுப்பை மறுத்தே கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்பதையும், கடந்தகால இழப்புக் கோரிக்கை உடன்பாட்டுக்கு வெளியே நிற்கிறது என்பதையும் பாருங்கள். அந்தக் கோரிக்கைக்கு உங்கள் வாதம் பொருந்துமா என்பது எனக்கு ஐயமே. ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கூரைமேல் எழுதியது:

வேலை நடக்கும் நாளில் ஒன்று செய்யுங்கள். கழற்றுவதற்கு முன் பழைய இடத்தையும், பொருத்திய பின் புதிய இடத்தையும் பிற்பகல் இரண்டு, மூன்று, நான்கு மணிக்குப் படம் எடுத்து, அன்றே கிளை மேலாளரின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். டிசம்பரில் அவர் அந்தக் கிளையில் இருப்பார் என்று சொல்ல முடியாது.